எச்சரிக்கை எந்த வரியில் இருக்க வேண்டும்?

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் அபாய எச்சரிக்கையைப் பொதுவாக இரண்டு இடங்களில் வைக்கிறார்கள். ஒன்று, புத்தகத்தின் முன்னுரை. மற்றொன்று, குறிப்பின் கடைசி வரி. முன்னுரையை யாரும் படிப்பதில்லை. கடைசி வரியைப் படிக்கும்போது கை சுட்டுப்போயிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு; அதைத் தேடிப் பிடிக்க மனிதருக்கு முந்நூறு வருஷம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லை. பாட்டி அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்திருப்பாள். பேத்தியின் கை ஈரத்தோடு எண்ணெய்ச் சட்டியை நெருங்கும் அந்தக் கணத்தில் "கையைத் துடைச்சுக்கோடி" என்று ஒரு குரல் வரும். அதற்கு முன்னாலும் வராது, பின்னாலும் வராது. அந்தக் குரலைப் பிரிந்து வேற்றூரில் குடித்தனம் வைத்தவர்களுக்காகத்தான் சமையல் புத்தகங்கள் பிறந்தன. தமிழில் 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' அப்படிப் பிறந்ததுதான். பாட்டிக்குத் தெரிந்ததையெல்லாம் காகிதத்தில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அவள் பேசிய நேரத்தைக் கொண்டுவருவது எப்படி? குறிப்பு எழுதுகிறவனின் கஷ்டமெல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

அடுப்படி அபாயத்தை முதன்முதலில் எழுத்தில் எதிர்கொண்டவர்களில் ஒருவர் டெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். லண்டனில் ராபர்ட் பாயிலிடம் வேலை செய்தவர். கெட்டியான எலும்பையும் மிருதுவாக்கிவிடும் ஒரு பாத்திரத்தை அவர் 1679-ல் செய்தார். 1681-ல் அதைப்பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். கனத்த உலோகப் பாத்திரம். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கிவிட வேண்டும். உள்ளே அடைபட்ட ஆவி அழுத்தம் ஏறி, கொதிநீரைவிட அதிகச் சூட்டில் பண்டத்தை வேகவைக்கும். இன்று நம் வீடுகளில் விசில் அடிக்கிறதே, அதற்கு மூதாதை இதுதான்.

இந்தப் பாத்திரம் வெடித்தால் சமையற்காரனும் மிஞ்ச மாட்டான், சமையலறையும் மிஞ்சாது. பப்பேன் இரண்டு உபாயங்கள் செய்தார். மூடியில் ஒரு சிறு துளை வைத்து, அதன்மேல் ஓர் அடைப்பானைப் பொருத்தி, நெம்புகோலில் எடை தொங்கவிட்டு அதை அழுத்திப் பிடித்தார். அழுத்தம் எல்லை மீறினால் எடை தூக்கிக்கொள்ளும், ஆவி வெளியேறிவிடும். இரண்டாவது, மூடியின் மேல் ஒரு சிறு குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை விநாடியில் வற்றுகிறது என்று எண்ணச் சொன்னார். சொட்டு சீக்கிரம் வற்றினால் உள்ளே சூடு அதிகம் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் சமையற்காரனுக்கு ஏது உஷ்ணமானி? ஆகவே அவன் கண் எங்கே இருக்குமோ அங்கேயே, மூடியின் மேலேயே, ஓர் அடையாளத்தை வைத்துவிட்டார். எச்சரிக்கை காகிதத்திலிருந்து இறங்கிப் பாத்திரத்துக்கே வந்துவிட்டது. இதைவிடச் சரியான இடம் ஒன்று உண்டா?

ஆனால் எல்லா அபாயத்தையும் பாத்திரத்தில் பொருத்திவிட முடிவதில்லை. சில அபாயங்கள் ஒரு வேளையில் விதைக்கப்பட்டு வேறொரு வேளையில் முளைக்கின்றன. அங்கேதான் எழுத்தாளனின் வேலை ஆரம்பமாகிறது.

நிக்கோலாஸ் அப்பேர் பாரிஸில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். காய்கறி, பழம், மாமிசம் எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, கம்பி கட்டி, வெந்நீர்க் கொப்பரையில் வைத்துக் காய்ச்சினால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். செய்முறையைப் புத்தகமாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசாங்கம் 1810-ல் அவருக்குப் பன்னிரண்டாயிரம் பிராங்கு கொடுத்தது. புத்தகம் அந்த வருஷமே வந்தது.

அப்பேருக்குப் புட்டி வெடிப்பதுதான் பெரிய தலைவலி. வெடிப்பது கொப்பரையில், கொதி வந்த பிறகு. ஆனால் அவர் அதைப்பற்றி எச்சரிப்பது கொப்பரையைப்பற்றிப் பேசும்போது அல்ல. புட்டியில் பண்டத்தை நிரப்பச் சொல்லும்போதே, திரவமானால் வாய் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழேயே நிறுத்திவிடுங்கள் என்கிறார். சூட்டில் திரவம் பொங்கி விரியும், இடமில்லாவிட்டால் புட்டி உடையும் என்று காரணத்தையும் அங்கேயே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். கொதி வந்த பிறகு "அதிகம் நிரப்பியிருந்தால் உடையும்" என்று சொல்லி என்ன பிரயோஜனம்? அப்போது கையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அபாயம் தெரியும் இடம் கொப்பரை. அபாயத்தைத் தடுக்கக்கூடிய இடம் நிரப்பும் மேஜை. எச்சரிக்கையின் இடம் இரண்டாவது.

அப்படியும் ஓரிரு புட்டி உடையத்தானே செய்யும்? அதற்காக ஒவ்வொரு புட்டியையும் கித்தான் பையில் போட்டுக் கொப்பரையில் வைக்கச் சொன்னார். உடைந்தால் சில்லுகள் பைக்குள்ளேயே கிடக்கும்; வெந்நீருக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டாம். இதுவும் புட்டியை வைக்கும் இடத்திலேயே வருகிறது. வியாபாரியானாலும் அப்பேர் நல்ல எழுத்தாளர் என்பதற்கு எனக்கு இந்த இரண்டு இடங்களே போதும்.

ஆனால் அப்பேருக்குத் தெரியாத ஓர் அபாயம் அந்தப் புட்டிகளுக்குள் இருந்தது. அது வெடிக்காது, நாறாது, நிறம் மாறாது. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தில் எல்லெஸெல் என்ற கிராமத்தில், ஒரு சாவு வீட்டுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் உப்பிட்ட பன்றித் தொடையைத் தின்று படுத்துவிட்டார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அந்த மாமிசத்திலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து 1897-ல் அறிவித்தார். இன்று அதை போட்டுலினம் என்கிறோம். காற்று நுழையாத இடத்தில்தான் அது வளரும். காற்று நுழையாமல் அடைப்பதுதானே அப்பேரின் வித்தை! கிருமிக்கு அரண்மனை கட்டிக் கொடுத்தது போல் ஆயிற்று.

கிருமி எளிதில் சாகும். அதன் வித்து சாகாது. 1922-ல் கலிபோர்னியாவில் எஸ்டி, மேயர் என்ற இருவர் அந்த வித்துக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். நூறு டிகிரியில், அதாவது கொதிநீரில், ஐந்து மணி நேரத்துக்கு மேலும் உயிரோடு இருந்த வித்துக்கள் நூற்றிருபத்தொரு டிகிரியில் மூன்று நிமிஷத்துக்குள் மடிந்தன. புளிப்புள்ள பழங்களில் இந்த வித்து முளைப்பதில்லை. ஆகவே பழத்துக்குக் கொதிநீர் போதும். பீன்ஸ், பட்டாணி, மாமிசம் போன்ற புளிப்பில்லாத பண்டங்களுக்குப் பப்பேனுடைய பாத்திரம்தான் வேண்டும். விஞ்ஞானிகளுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் விஞ்ஞானிகளா பீன்ஸ் அடைக்கிறார்கள்? 1924-ல் அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் ஆல்பனி என்ற ஊரில், வீட்டில் அடைத்து வைத்த பீன்ஸைச் சாப்பிட்டு ஒரே விருந்தில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். ஆராய்ச்சி வெளிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சரியான வார்த்தை அந்த வீட்டு அடுப்படியில், சரியான வேளையில் இல்லை.

அதற்குப் பிறகு அமெரிக்க விவசாய இலாகா தன் பிரசுரங்களை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதியது. இன்று அந்த இலாகா பீன்ஸ் அடைப்பதற்குச் சொல்லும் முறையை எடுத்துக்கொண்டு, எந்த அடியில் எந்த எச்சரிக்கை நிற்கிறது என்று பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்று: நம் வீட்டில் பருப்பு வேகவைக்கிற குக்கர் இதற்கு உதவாது. அது சிறியது, சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும், கீழே சொல்லும் நிமிஷக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கட்டுரையின் கடைசியில் இதைச் சொன்னால், அதற்குள் யாராவது பீன்ஸ் நறுக்க ஆரம்பித்துவிடக்கூடும். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நறுக்கிய பீன்ஸை ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஜாடியில் நெருக்காமல் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்ற வேண்டும். வாய்க்குக் கீழே ஓர் அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். அப்பேரின் மூன்று அங்குலம் இங்கே ஓர் அங்குலமாக வந்து நிற்கிறது. நிற்கிற இடமும் அதே இடம். பிறகு ஜாடிகளைப் பெரிய அழுத்தப் பாத்திரத்தில், சில அங்குல வெந்நீரில் வைத்து மூடியை இறுக்க வேண்டும்.

இப்போது வருகிறது முதல் நுட்பம். மூடியிலுள்ள ஆவித் துவாரத்தை உடனே அடைக்கக் கூடாது. ஆவி பிசிறில்லாமல் சீறிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகும் பத்து நிமிஷம் திறந்தே வைத்திருந்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். ஏன்? உள்ளே காற்று தங்கிவிட்டால், முள் சரியான அழுத்தத்தைக் காட்டும், ஆனால் சூடு அந்த அளவுக்கு ஏறியிருக்காது. காற்றும் ஆவியும் கலந்து தரும் அழுத்தத்துக்கும், சுத்த ஆவி தரும் அழுத்தத்துக்கும் முள்ளில் வித்தியாசம் தெரியாது, வித்துக்குத் தெரியும். கருவி பொய் சொல்லும் இடம் இது. அந்தப் பத்து நிமிஷத்தை "பாத்திரத்தை உபயோகிக்கும் முறை" என்று வேறொரு பக்கத்தில் போட்டிருந்தால், அவசரக்காரர் துவாரத்தை அடைத்துவிட்டு, முள்ளைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆகவே அது எச்சரிக்கையாகவே வராமல், ஓர் அடியாக, எண் போட்ட ஒரு வேலையாக வந்துவிடுகிறது. பயமுறுத்துவதைவிட வேலை கொடுப்பது மேல். "காற்று தங்கினால் ஆபத்து" என்று படித்தவர் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார். "கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் பொறு" என்று படித்தவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அடுத்து அழுத்தம். முள் வைத்த பாத்திரத்தில் பதினொரு ராத்தல். அந்த அழுத்தம் வந்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும். அரை லிட்டர் அளவுள்ள பைன்ட் ஜாடிக்கு இருபது நிமிஷம், அதற்கு இரட்டிப்பான குவார்ட் ஜாடிக்கு இருபத்தைந்து நிமிஷம். நடுவில் முள் கீழே இறங்கிவிட்டால், மறுபடியும் அழுத்தத்தை ஏற்றி, முதல் நிமிஷத்திலிருந்து எண்ண வேண்டும்.

பதினொரு ராத்தல் என்பது கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடி உயரம் வரைதான். மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதே சூட்டுக்கு முள் இன்னும் மேலே போக வேண்டும். பீன்ஸ் விளைகிற நம் ஊட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே இதே ஜாடிக்குப் பதினான்கு ராத்தல் வேண்டும். சென்னையில் அச்சடித்த புத்தகம் பதினொன்று என்று சொல்லி, உயரத்தைப்பற்றிய குறிப்பைப் பின்னிணைப்பில் வைத்திருந்தால், ஊட்டிக்காரர் அந்தப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியே ஆபத்தில் மாட்டிக்கொள்வார். அமெரிக்க இலாகா இதற்கு அழகில்லாத, ஆனால் சரியான ஒரு வழி கண்டுபிடித்தது. உயர அட்டவணையை ஒவ்வொரு காய்கறிக் குறிப்பின் அடியிலும் திரும்பத் திரும்ப அச்சடிக்கிறது. படிக்கிறவருக்குச் சலிப்புத்தான். ஆனால் சமையல் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறவர் யார்? பீன்ஸ் அடைப்பவர் பீன்ஸ் பக்கத்தைத்தான் திறக்கிறார்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, முள் தானாகப் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. அப்படிச் செய்தால் ஜாடிக்குள்ளிருக்கும் திரவம் பொங்கி வெளியேறும். மூடியின் பிடிப்பும் கெடும். பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஆவித் துவாரத்தைத் திறந்து இன்னும் பத்து நிமிஷம் பொறுத்து, மூடியின் அப்புறத்தை முதலில் தூக்கி, ஆவி முகத்தில் அடிக்காதபடி திறக்க வேண்டும். இதில் ஒவ்வொரு சொல்லும், கை அந்த மூடியில் இருக்கும்போது தேவைப்படுகிற சொல்.

இவ்வளவும் சரியாக எழுதினாலும் ஓர் எச்சரிக்கை மிச்சம் இருக்கிறது. எங்கே வைப்பது என்பதில் அதுதான் மிகக் கடினமானது. வீட்டில் அடைத்த பீன்ஸை ருசி பார்ப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். ஆயிரம் அடிக்கு மேலே ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒரு நிமிஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். வித்து கொதிநீருக்கு அஞ்சாது. ஆனால் அது கக்கிய நஞ்சு கொதியில் அழிந்துவிடும். அதற்காக, மூடி உப்பிய ஜாடியையோ, கசியும் ஜாடியையோ, திறந்தால் பீறிடும் ஜாடியையோ கொதிக்கவைத்துத் தப்பலாம் என்று எண்ணக் கூடாது. அதை நாவில் வைக்காமலே அப்புறப்படுத்த வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் ஜாடிக்குத்தான் அந்தப் பத்து நிமிஷம்.

இந்த எச்சரிக்கையை அடைக்கும் முறையின் கடைசியில் போடலாம். ஆனால் ஜாடியைத் திறக்கப்போவது ஆறு மாதம் கழித்து. திறக்கப்போகிறவர் மருமகளாக இருக்கலாம், விருந்தாளியாக இருக்கலாம். அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கூடப் பார்த்திருக்கமாட்டார். எழுத்தாளன் தன் வாசகரை விட்டுவிட்டு, தன்னைப் படிக்காத ஒருவரோடு பேச வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. ஜாடியில் தேதிச் சீட்டு ஒட்டு என்று எப்படியும் ஓர் அடி இருக்குமல்லவா? அந்த அடியிலேயே, "பத்து நிமிஷம் கொதித்த பிறகே ருசி பார்க்கவும் என்று சீட்டில் எழுதி ஒட்டவும்" என்று சேர்த்துவிட வேண்டும். பப்பேன் மூடியின் மேல் வைத்த தண்ணீர்ச் சொட்டைப்போல, வார்த்தை பண்டத்தோடேயே பயணம் செய்யட்டும்.

இந்தக் கணக்கை நம் அடுப்படிக்குக் கொண்டுவந்து பார்த்தால் சீடை ஞாபகம் வருகிறது. கோகுலாஷ்டமிக்குச் சீடை வெடித்து எண்ணெய் தெறிக்காத தெரு உண்டா? "எண்ணெயில் போடும்போது ஜாக்கிரதை" என்று குறிப்பின் கடைசியில் எழுதுகிறார்கள். ஜாக்கிரதையாகப் போட்டாலும் வெடிக்கிற சீடை வெடிக்கத்தான் செய்யும். உருண்டைக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மேலோட்டை உடைத்துக்கொண்டு கிளம்புவதே வெடி. அந்தக் காரணம் இரண்டு மணி நேரம் முன்னால், மாவு சலிக்கும்போதே பிறந்துவிடுகிறது. கட்டியோ குருணையோ தங்காமல் இரண்டு தரம் சலிக்க வேண்டும் என்பது சல்லடை வரியில் இருக்க வேண்டும். அழுத்தி வழவழவென்று உருட்டாதே, மேலே மெல்லிய விரிசல் இருந்தால் ஆவிக்கு வழி என்பது உருட்டும் வரியில் வர வேண்டும். துணியில் பரப்பி ஈரம் போக உலர விடு என்பது அதற்கு அடுத்த வரி. எண்ணெய் வரியில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: முதலில் இரண்டே இரண்டு உருண்டையைப் போட்டு எட்டி நின்று பார், வெடித்தால் மிச்சத்தைப் போடாதே.

தமிழில் எழுதுகிறவனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம் பாஷையில் வினை கடைசியில் வருகிறது. அதோடு 'கூடாது'வும் கடைசியில் வருகிறது. "ஆவி இருக்கும்போது மூடியைத் திறக்க" என்பது வரை படித்துவிட்டு, கரண்டியைத் தேடித் திரும்புகிறவருக்குக் 'கூடாது' கிடைப்பதில்லை. அந்தச் சொல் பக்கத்தின் ஓரத்தில் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் அதே இலக்கணம் வேறொரு வசதியையும் தருகிறது. நிபந்தனை முன்னால் வரும், செயல் பின்னால் வரும். "முள் பூஜ்யத்துக்கு வந்து, பத்து நிமிஷம் ஆன பிறகு, மூடியைத் திற" என்று எழுதினால், திறக்கும் வார்த்தையை அடைவதற்குள் வாசகர் காத்திருப்பைத் தாண்டி வந்தாக வேண்டும். ஆகவே, கூடுமானவரை 'கூடாது'வை விட்டு 'பிறகு'வைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எல்லா இடத்திலும் எச்சரிக்கையை நிரப்பிவிடலாமா என்றால், அதுவும் ஆகாது. கத்தி வெட்டும், அடுப்பு சுடும் என்று வரிக்கு வரி எழுதினால், ஆவித் துவாரத்தின் பத்து நிமிஷமும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய அபாயத்துக்கு எழுத்து வேண்டாம். முள் பொய் சொல்லும் இடம், ருசியில் தெரியாத நஞ்சு, சல்லடையில் தங்கி எண்ணெயில் வெடிக்கும் கட்டி என்று கண்ணுக்கு எட்டாதவற்றுக்குத்தான் வேண்டும். பாட்டியும் எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பேத்தியின் கண்ணுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்தபோது மட்டுமே வாயைத் திறந்தாள்.